படிக்காதவர்களின் ஓட்டு

ஜப்பானில் கோடை விடுமுறை முடியும் ஆகஸ்டுக் கடைசி வாரத்தில் பல வீடுகளில் ஒரே காட்சிதான். மற்ற வீட்டுப்பாடங்களையெல்லாம் எப்படியோ முடித்துவிட்ட பிள்ளை, ஒன்றை மட்டும் தொடாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு புத்தகத்தைப் படித்து, அது மனதில் என்ன தோன்றச் செய்தது என்று பக்கக்கணக்கில் எழுதித் தரவேண்டிய கட்டுரை அது. இதற்கென்றே நாடு தழுவிய போட்டி ஒன்று 1955 முதல் நடக்கிறது. நல்ல நோக்கத்தில் தொடங்கியதுதான். ஆனால் புத்தகத்தை எடுக்கும்போதே "இதைப் பற்றி எழுதணுமே" என்ற கவலையும் கூடவே வந்துவிடுவதால், படிப்பில் ஆர்வம் குறைந்த பிள்ளைக்குப் புத்தகம் என்றாலே அந்தக் கட்டுரையின் ஞாபகம்தான்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. விஸ்கான்சின் மாநிலத்தில் ஜூடி பால் என்ற பெண்மணி தன் பிள்ளைகளைப் படிக்கவைக்க வீட்டிலேயே உருவாக்கிய ஒரு முறை, 1986இல் 'ஆக்சலரேட்டட் ரீடர்' என்ற கணினி நிரலாக வெளிவந்தது. பிள்ளை புத்தகத்தைப் படித்து முடித்ததும் கணினி முன் உட்கார்ந்து சில கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டும். சின்னப் புத்தகத்துக்கு ஐந்து கேள்வி, பெரிய புத்தகத்துக்குப் பத்தோ இருபதோ. நாய்க்கு என்ன ஆனது, கதவைத் திறந்தது யார் என்கிற மாதிரி, கதையில் நடந்ததைச் சரிபார்க்கும் கேள்விகள். தேறினால் புத்தகத்தின் நீளத்துக்கும் கடினத்துக்கும் ஏற்ப புள்ளிகள். புள்ளிகள் சேர்ந்தால் சில பள்ளிகளில் பரிசு, சில பள்ளிகளில் மதிப்பெண்ணிலும் சேர்ப்பார்கள்.

இது நூலக அலமாரி வரைக்கும் எட்டிப்பார்த்தது. புத்தக முதுகில் நிலைக்கு ஒரு நிறம் என்று ஒட்டிவைத்து, "நீ பச்சை நிறம் மட்டும் எடு" என்று பிள்ளைகளிடம் சொல்லும் பழக்கம் பல பள்ளிகளில் வந்தது. அமெரிக்கப் பள்ளி நூலகர்கள் சங்கம் 2011இல் இதை எதிர்த்து அறிக்கையே வெளியிட்டது. ஒரு பிள்ளையின் கையில் இருக்கும் புத்தகத்தின் நிறத்தைப் பார்த்தாலே அதன் வாசிப்புத் திறன் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. மெதுவாகப் படிக்கும் பிள்ளை புத்தகத்தை மறைத்துப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும், வேறென்ன?

ஜப்பானியக் கட்டுரையும் அமெரிக்கத் தேர்வும் பார்வைக்கு வேறுவேறு. இரண்டிலும் கேள்வி படித்தவரை நோக்கித்தான் வருகிறது: நீ படித்தாயா, என்ன புரிந்தது, நிரூபி. படிக்காத பிள்ளைக்கு இந்த ஏற்பாட்டில் ஒரே இடம்தான் மிச்சம். அது குற்றவாளிக் கூண்டு.

இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்ட ஒரு விளையாட்டு, ஆர்வமாகக் கவனிக்கத்தக்கது. பெயர் 'பிப்ளியோ பேட்டில்'. பிறந்த ஊர் ஜப்பானின் கியோட்டோ, ஆண்டு 2007. உண்டாக்கியவர் நூலகரும் இல்லை, ஆசிரியப் பயிற்சி பெற்றவரும் இல்லை. ததாஹிரோ தனிகுச்சி என்ற பொறியியல் ஆய்வாளர். ரோபோக்கள் மொழியை எப்படிக் கற்கும் என்பது அவருடைய துறை. அப்போது கியோட்டோ பல்கலைக்கழகத்தில் இருந்தார்.

அவருக்கு இருந்த பிரச்சினை மிகச் சாதாரணமானது. ஆய்வுக்கூடத்தில் சிலர் சேர்ந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாராவாரம் படித்து விவாதிப்பார்கள். எந்தப் புத்தகத்தை எடுப்பது? பேராசிரியர் சொல்வதை எடுத்தால் மற்றவர்களுக்குச் சுவாரசியம் இருப்பதில்லை. ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தைச் சொன்னாலோ, மற்றவர்கள் அதைப் பார்த்ததே இல்லை, எப்படித் தேர்ந்தெடுப்பது? ஆளுக்கொரு புத்தகத்தைக் கொண்டுவந்து அஞ்சு நிமிஷம் பேசட்டும், பிறகு எதைப் படிக்க ஆசை வருகிறதோ அதற்கு ஓட்டுப் போடுவோம் என்று ஆரம்பித்தார்கள். தேர்வு நடத்தவோ வாசிப்பை வளர்க்கவோ யாரும் நினைக்கவில்லை. அடுத்து எதைப் படிப்பது என்பதுதான் கேள்வி. விளையாட்டின் குணம் முழுவதும் இந்தப் பிறப்பிலிருந்து வந்தது.

விதிகள் நான்கே நான்கு. தான் படித்து ரசித்த ஒரு புத்தகத்தோடு வரவேண்டும். ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேசவேண்டும். ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு இரண்டு மூன்று நிமிடம் எல்லோரும் கேள்வி கேட்டுப் பேசிக்கொள்ளலாம். கடைசியில், "எந்தப் புத்தகத்தைப் படிக்க உங்களுக்கு அதிகம் ஆசை வந்தது?" என்ற ஒரே கேள்விக்கு அங்கே இருக்கும் அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு ஓட்டுப் போடுவார்கள். பேசியவர்களுக்கும் ஓட்டு உண்டு, தன் புத்தகத்துக்கு மட்டும் போடக்கூடாது. அதிக ஓட்டு வாங்கியது அன்றைய சாம்பியன் புத்தகம். வெல்வது புத்தகம், ஆள் இல்லை.

ஓட்டுக் கேள்வியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். யார் நன்றாகப் பேசினார் என்று கேட்கவில்லை. எது சிறந்த புத்தகம் என்றும் கேட்கவில்லை. அந்த இரண்டுக்கும் பதில் சொல்ல ஓரளவு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். உனக்கு எதைப் படிக்க ஆசை என்பதற்கு எந்தத் தகுதியும் வேண்டாம். சொல்லப்போனால், அந்தப் புத்தகங்களைப் படிக்காதவர்தான் இதற்குப் பதில் சொல்ல மிகவும் பொருத்தமானவர். வாழ்நாளில் ஒரு நாவலைக்கூட முடிக்காத பையன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாலும், அவனுடைய ஓட்டும் பேராசிரியரின் ஓட்டும் ஒன்றே. முன்னால் நிற்கும் நாலு பேரும் அவன் மனதைப் பிடிக்கத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நடப்பதை ஒரு உதாரணமாக வைத்துப் பார்ப்போம். இது ஒரே நாளில் ஒரே இடத்தில் நடந்ததாகச் சொல்லவில்லை, விளையாட்டு எப்படி ஓடும் என்பதைக் காட்ட நானே கட்டியது. ஜப்பானில் ஒரு சிறு நகரப் பொது நூலகம், சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. மூலையில் இருபது நாற்காலி, முன்னால் ஒரு மேசை, எல்லோர் கண்ணிலும் படும்படி திரையில் ஐந்து நிமிடத்திலிருந்து இறங்கும் கடிகாரம். பேசுபவர்கள் நாலு பேர்.

முதலில் எட்டாம் வகுப்புப் பெண். தெத்சுகோ குரோயனாகியின் 'டோட்டோ-சான்' கையில். தமிழில் வந்து இங்கேயும் பலர் படித்த புத்தகம்தான். ரயில் பெட்டியில் வகுப்பறை இருந்த பள்ளியைப் பற்றி அந்தப் பெண் அழகாக, தடுமாற்றமில்லாமல் பேசுகிறாள். ஐந்து நிமிடம் சரியாக முடிகிறது. கைதட்டல் பலமாக விழுகிறது.

இரண்டாவதாக வருபவர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். செய்ச்சோ மாத்சுமோத்தோ 1950களின் கடைசியில் எழுதிய 'புள்ளிகளும் கோடுகளும்' என்ற துப்பறியும் நாவல். கதையை ஒரு நிமிடத்தில் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். பிறகு தோக்கியோ ரயில் நிலையத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். 13ஆம் நடைமேடையில் நின்று பார்த்தால் 15ஆம் நடைமேடை தெரியாது, நடுவில் எப்போதும் ஏதாவது ரயில் நிற்கும். கதை நடந்த காலத்துக் கால அட்டவணைப்படி, அந்த மாலையில் நாலே நாலு நிமிடம் மட்டும் நடுவில் ரயில் கிடையாது. அந்த நாலு நிமிடத்தில் யாரோ யாரையோ பார்த்துவிட்டதாகச் சாட்சி சொல்கிறார்கள். தற்செயலா, அல்லது யாராவது பார்க்கவேண்டுமென்றே ஏற்பாடு செய்ததா? மணி அடித்துவிடுகிறது.

மூன்றாவது ஆள், பிளஸ் ஒன் வயதுப் பையன். பூச்சிகளின் படக் கையேடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறான். இரண்டு நிமிடத்தில் சொல்லவேண்டியது தீர்ந்துபோகிறது. இன்னும் மூன்று நிமிடம் பாக்கி. விதிப்படி முன்கூட்டி முடித்துக்கொண்டு உட்கார முடியாது. கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறான். கூட்டமும் சும்மா இருக்கிறது. அப்புறம், தாத்தா வீட்டுச் சுவரில் இருந்த ஒரு வண்டை இந்தக் கையேட்டில் தேடித்தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது, அதற்குள் வண்டு பறந்துபோய்விட்டது என்று சொல்கிறான். சிரிப்பு. நான்காவதாக ஒரு தாய், ஷின்இச்சி ஹோஷியின் மிகச் சிறிய அறிவியல் கதைகளின் தொகுப்போடு வருகிறார். பல் தேய்த்து முடிப்பதற்குள் ஒரு கதை முடிந்துவிடும் என்கிறார்.

ஓட்டெடுப்பு. மொத்தம் இருபது. டோட்டோ-சானுக்கு ஐந்து, ஹோஷிக்கு மூன்று, பூச்சிக் கையேட்டுக்கு நாலு, ரயில் நாவலுக்கு எட்டு.

மிக நன்றாகப் பேசிய பெண்ணுக்கு ஏன் குறைவு? அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் டோட்டோ-சானை ஏற்கெனவே படித்தவர்கள். ஜப்பானில் அதைப் படிக்காதவரைத் தேடத்தான் வேண்டும். படித்து முடித்ததைப் படிக்க ஆசை எப்படி வரும்? கேள்வி வேறாக இருந்திருந்தால் அந்தப் பெண் வென்றிருப்பாள். புகழ்பெற்ற புத்தகத்துக்கு இந்த விளையாட்டில் ஒரு சுமை உண்டு. யாருக்கும் தெரியாத பழைய புத்தகத்துக்கும் பூச்சிக் கையேட்டுக்கும் அது சலுகை. பரிந்துரைப் பட்டியல்கள் எல்லாம் இதற்கு நேர்மாறாக ஓடுகின்றன, அவற்றில் எல்லோருக்கும் தெரிந்ததே மேலும் மேலே போகும்.

ரயில்காரர் வென்றதிலும் ஒரு பாடம் இருக்கிறது. கதைச் சுருக்கத்தில் அவர் நேரத்தைச் செலவழிக்கவில்லை. ஒரே ஒரு முடிச்சைக் காட்டிவிட்டு அவிழ்க்காமல் உட்கார்ந்தார். தேர்வு முறையில் இது தோல்விக்கான வழி. முடிவு தெரியும் என்று நிரூபிக்காதவருக்கு அங்கே புள்ளி கிடையாது. இங்கே முடிவைச் சொல்லிவிட்டால் ஆசை செத்துப்போகும், ஓட்டும் போகும். ஒரு புத்தகத்தை நன்றாகப் புரிந்துகொண்டவரால்தான் எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவெடுக்க முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புரிதலை இந்த விளையாட்டு சோதிக்காமல் விடவில்லை, ஆனால் யாருக்கும் சோதனை நடப்பதாகத் தோன்றுவதில்லை.

பையன் திணறிய அந்த மூன்று நிமிடத்துக்குத்தான் ஐந்து நிமிட விதி இருக்கிறது. எழுதிவைத்ததைப் பார்த்துப் படிக்கக்கூடாது, அச்சடித்த குறிப்புத் தாளோ ஸ்லைடோ கூடாது என்பது வழக்கம். கதையை மட்டும் சொன்னால் இரண்டு மூன்று நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிடும். மீதி நேரத்தில் வேறு வழியில்லாமல் தன்னைப் பற்றிப் பேச்சு திரும்பும்: இந்தப் புத்தகம் எப்படிக் கைக்கு வந்தது, எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன், யார் ஞாபகம் வந்தது. பின்னட்டையில் கிடைக்காத விஷயம் அதுதான். அடுத்த வகுப்பில் படிக்கும் பையனுக்கு ஒரு வண்டுக்காக அரை நாள் போனது என்று தெரியவரும்போது, அந்தக் கையேடு வெறும் கையேடாக இருப்பதில்லை. நடத்துபவர்கள் அந்த இடைவெளியில் புகுந்து உதவிவிடக்கூடாது. இது எளிதில்லை, ஒரு குழந்தை வாயடைத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்த ஆசிரியருக்கும் கை வராது. சின்னக் குழந்தைகளுக்கு மூன்று நிமிடமாகக் குறைத்த வடிவம் ஒன்றும் இருக்கிறது.

கேள்வி நேரத்துக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பேசியவரை மடக்குவதற்கோ புத்தகத்தைக் குறைசொல்வதற்கோ அது இல்லை. எதற்கு ஓட்டுப் போடுவது என்று முடிவெடுக்க உதவும் கேள்விகள்தான்: "ரயிலைப் பற்றி எதுவும் தெரியாதவருக்குப் புரியுமா?", "பயங்கரமாக இருக்குமா?", "எவ்வளவு பக்கம்?" படிக்கத் தயங்குபவர் கேட்க விரும்புவது கடைசிக் கேள்வியைத்தான். வகுப்பில் அதைக் கேட்டால் சோம்பேறி என்று பெயர் வரும். இங்கே அது நியாயமான கேள்வி.

ஆய்வுக்கூடத்தைத் தாண்டி இது பரவிய வேகம் ஆச்சரியமானது. 2010இல் பரப்புவதற்கென்று ஒரு குழு அமைந்தது, அதே ஆண்டு தோக்கியோவில் கல்லூரி மாணவர்களுக்கான பெரிய இறுதிப்போட்டியும் நடந்தது. 2012இல் ஜப்பானின் 'ஆண்டின் சிறந்த நூலகம்' விருதின் முதல் பரிசு பிப்ளியோ பேட்டிலுக்குக் கிடைத்தது. ஒரு கட்டடத்துக்கோ நிறுவனத்துக்கோ போகவேண்டிய பரிசு ஒரு விளையாட்டுக்குப் போனதில் இருந்தே, நூலகர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்று தெரிகிறது. அடுத்த ஆண்டு, குழந்தைகளின் வாசிப்பை வளர்க்க அரசு வெளியிட்ட திட்டத்திலும் அதன் பெயர் இடம்பெற்றது. அரசுக்குக் கவலை இருந்தது. மே மாதம் முழுவதும் ஒரு புத்தகம்கூடப் படிக்கவில்லை என்று சொல்பவர்களை அங்கே ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். 2018 கணக்கில் தொடக்கப் பள்ளியில் 8.1 சதவீதம், நடுநிலைப் பள்ளியில் 15.3, மேல்நிலைப் பள்ளியில் 55.8. தொடக்கப் பள்ளியில் வெகு சிலராக இருப்பவர்கள், மேல்நிலைக்கு வரும்போது பாதிக்கு மேல் ஆகிவிடுகிறார்கள்.

அரசுத் திட்டத்தில் பெயர் ஏறியதும் பள்ளிகள் கையில் எடுத்தன. சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது.

ஆசிரியருக்கு ஒரு நல்ல விளையாட்டைக் கொடுத்தால் அதை மதிப்பெண்ணாக மாற்றிவிடாமல் இருப்பது கஷ்டம். கெட்ட எண்ணமில்லை, தொழில் பழக்கம். முதல் படி, புத்தகத்தை ஆசிரியரே கொடுப்பது அல்லது ஒரு பட்டியலுக்குள் எடுக்கச் சொல்வது. தான் தேர்ந்தெடுக்காத புத்தகத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் பழைய கட்டுரைதான் வாய்வழியாக வரும். அடுத்தது, பேச்சை முன்கூட்டி எழுதித் திருத்தி மனப்பாடம் செய்யவைப்பது. அதற்கும் அடுத்தது, "குரல் 10, உடல்மொழி 10, கருத்து 20" என்று ஒரு தாளை வைத்துக்கொண்டு ஆசிரியர் பின்னால் உட்கார்வது. கடைசியாக, மாணவர் ஓட்டை ஒதுக்கிவிட்டு நடுவர் குழு முடிவைச் சொல்வது. பரப்பும் குழு தன் விதிகளில் இந்த இடத்தைத் தெளிவாக அடைத்துவைத்திருக்கிறது: ஆசிரியரோ நடுவர்களோ மட்டும் கூடி சாம்பியனை முடிவு செய்தால் அது பிப்ளியோ பேட்டில் ஆகாது, ஓட்டு அத்தனை பேருக்கும்.

கெட்டுப்போய்விட்டதா இல்லையா என்பதை அறைக்குள் நுழைந்ததும் கண்டுபிடிக்கலாம். பேசுபவர் யாரைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். பின்வரிசையில் தாளும் பேனாவுமாக இருப்பவரைப் பார்த்துப் பேசினால் அது தேர்வு. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசினால் விளையாட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது.

நண்பனுக்கு ஓட்டுப் போடும் பழக்கம் இன்னொரு சிக்கல். நாற்பது பேர் வகுப்பில் நாலு பேர் மட்டும் மேடையேறினால், பிரபலமான பையன் எந்தப் புத்தகத்தைக் காட்டினாலும் வெல்வான். இதற்கு நூலகங்களும் பள்ளிகளும் கண்ட வழி, வகுப்பை நாலைந்து பேர் கொண்ட சிறு வட்டங்களாகப் பிரித்து, ஒரே நேரத்தில் எல்லா வட்டத்திலும் நடத்துவது. ஒரே கடிகாரம், ஒரே மணி. நாலு பேர் என்றால் பேச்சும் கேள்வியும் சேர்ந்து ஆளுக்கு எட்டு நிமிடம், மொத்தம் 32 நிமிடம், ஓட்டுக்கு ஐந்து. ஒரு பாடவேளைக்குள் அடங்கிவிடும். மேடை கிடையாது, எல்லோரும் பேசுவார்கள், எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு மூன்று பேர் முன்னால் பேசுவது நாற்பது பேர் முன்னால் பேசுவதைப் போல் இல்லை. கை தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னால் நட்பு ஓட்டும் குறைகிறது.

பெரிய இறுதிப்போட்டிகளைப் பற்றி எனக்கு முழு சம்மதம் இல்லை. 2014ஆம் கல்வியாண்டில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் தேசியப் போட்டி தொடங்கியது. அரங்கம் நிறைந்த கூட்டம், விளக்கு, மைக். விளையாட்டின் பெயர் ஊரெல்லாம் தெரிய இவை உதவியிருக்கின்றன, மறுக்க முடியாது. ஆனால் மேடை பெரிதாக ஆக, ஓட்டுக் கேள்வி என்னவாக இருந்தாலும் பேச்சுத் திறமைதான் முன்னுக்கு வரும். நம் ஊர்ப் பேச்சுப்போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. குரலை ஏற்றி இறக்கக் கற்றுக்கொடுக்க ஒரு தாத்தாவோ ஆசிரியரோ கிடைத்த பிள்ளை வெல்லும். வண்டுக்காக அரை நாள் செலவழித்த பையன் அந்த மேடைக்கு வரவே மாட்டான்.

பரிசு தரலாமா என்ற கேள்வியும் எழுகிறது. 1973இல் அமெரிக்க உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளியில் செய்த ஆய்வு இங்கே பொருந்துகிறது. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் பெயர் எழுதிய சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே அவற்றைத் தொட்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. ஆகவே பிள்ளைக்குப் பிடித்த ஒன்றுக்கு முன்கூட்டிக் கூலி பேசுவது ஆபத்து. பிப்ளியோ பேட்டிலில் பட்டம் புத்தகத்துக்குப் போவதால் கூலிப் பேச்சுக்கு இடமே குறைவு. நூலகம் ஏதாவது தரத்தான் வேண்டுமென்றால், வென்ற புத்தகத்தின் மேல் ஒரு காகிதப் பட்டை சுற்றி வாசல் மேசையில் வைத்தால் போதும். கொண்டுவந்தவருக்கு அந்தப் பட்டையைப் பார்க்கும்போது வரும் பெருமை கோப்பையில் வராது.

எல்லை ஒன்றையும் சொல்லவேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படும் குழந்தைக்கு இந்த விளையாட்டு மருந்து ஆகாது. அதற்கு வேறு பொறுமை, வேறு பயிற்சி வேண்டும். படிக்கத் தெரிந்தும் படிக்காமல் இருப்பவர்களுக்குத்தான் இது. மேல்நிலை வகுப்புகளில் புத்தகத்தை விட்டுவிடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வகை. அவர்களிலும் சிலர் முதல் தடவை புத்தகம் இல்லாமல்தான் வருவார்கள். வரட்டும், கேட்டு ஓட்டுப் போட்டுவிட்டுப் போகட்டும். பேச வைக்க வற்புறுத்தும் நூலகர் அடுத்த மாதம் அவர்களைப் பார்க்கமாட்டார். காமிக்ஸ் கொண்டுவந்தால் என்ன செய்வது என்று நடத்துபவர்கள் தயங்குவதுண்டு. படித்து ரசித்த புத்தகம் என்றுதான் விதி சொல்கிறது, எந்த வகை என்று சொல்லவில்லை.

நடத்த நினைக்கும் நூலகர் முன்னதாகவே செய்துவைக்கவேண்டிய காரியம் ஒன்றுண்டு. பேச வருபவர்களிடம் இரண்டு வாரம் முன்பே புத்தகத்தின் பெயரைக் கேட்டு வாங்கி, நூலகத்தில் இருக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் பக்கத்து நூலகத்திலிருந்து இன்னொரு பிரதி வரவழைத்து மேசையடியில் வைத்திருக்கவேண்டும். ஆசை என்பது ஓட்டுப் போட்ட பத்து நிமிடத்தில்தான் உச்சத்தில் இருக்கும். எட்டுப் பேர் ரயில் நாவலுக்குக் கை தூக்கினார்கள், இருப்பது ஒரு பிரதி என்றால் ஒருவர் எடுத்துப்போவார், ஏழு பேர் வரிசையில் பெயர் எழுதுவார்கள். அந்த ஏழு பேரில் சிலர் வெறுங்கையோடு போகாமல் பூச்சிக் கையேட்டையோ ஹோஷியையோ புரட்டிப்பார்த்து எடுத்துக்கொள்வார்கள். ஒன்று ஜெயிப்பதால் மற்ற மூன்றும் தோற்றதாக ஆகிவிடாது. நாலையும் ஒரே மேசையில், கொண்டுவந்தவரின் கையெழுத்தில் இரண்டு வரி எழுதிய அட்டையோடு ஒரு மாதம் வைத்திருப்பது இதற்காகத்தான்.

பலன் இருந்ததா என்று பார்க்கவும் அந்த மேசைதான் வழி. எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு அதிகாரிகளுக்கு அனுப்ப உதவும், அவ்வளவுதான். ஓட்டில் கடைசியில் வந்த புத்தகம் அந்த மாதத்தில் எத்தனை தடவை வெளியே போனது, போன வருடம் முழுவதும் எத்தனை தடவை போயிருந்தது என்று ஒப்பிட்டால் விஷயம் தெரியும். யார் எடுத்தார்கள் என்பது தெரியவராது. ஜப்பானியப் பொது நூலகங்களில் புத்தகம் திரும்பி வந்ததும் எடுத்தவரின் பதிவைக் கணினியிலிருந்து நீக்கிவிடுவது பரவலான வழக்கம். ஒருவர் எதைப் படித்தார் என்பது அவருடைய சொந்த விஷயம் என்று நூலகர்கள் 1979 முதல் கொள்கையாகவே அறிவித்து வைத்திருக்கிறார்கள். கடைசி வரிசைப் பையன் எடுத்துப்போன புத்தகத்தை முழுக்கப் படித்தானா, பத்துப் பக்கத்தில் மூடிவைத்தானா என்று கேட்க நூலகத்தில் யாருக்கும் வேலை இல்லை. அடுத்த மாதம் அவன் ஒரு புத்தகத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால், ஐந்து நிமிடம் அவனுக்கும் உண்டு.